இருபதைக் கடந்தும் வளர்வது உண்டா?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

நமது குடியிருப்பில் பல வீடுகளின் கதவு நிலைகளில் பென்சிற்கோடுகள் இருக்கின்றன. பிள்ளைகள் பிறந்த நாள்தோறும் நிலையோடு ஒட்டி நின்று உயரம் குறித்துக்கொண்ட கோடுகள் அவை. பெண் பிள்ளைகளின் கோடுகள் பதினைந்தாம் வயதளவில் ஒன்றோடொன்று நெருங்கி நின்றுவிடுகின்றன. ஆண் பிள்ளைகளின் கோடுகளோ ஒரே வகையாக இல்லை. ஒருவனுக்குப் பதினேழில் நின்றுவிட்டது; மற்றொருவனுக்குப் பத்தொன்பதிலும் மேலேறியது. இவற்றைக் கண்ட பெற்றோர் நம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பையனுக்குப் பதினெட்டு ஆகிவிட்டது. இனியும் வளர்வானா? இருபத்தொன்று, இருபத்திரண்டு வரை வளர்வார்கள் என்கிறார்களே, அது மெய்தானா?"

இக்கேள்விக்கு ஒரே சொல்லில் ஆம் என்றோ இல்லை என்றோ விடை கூறல் இயலாது. ஆயினும் விடை மறைபொருளும் அன்று. எலும்பு எங்கே வளர்கிறது, எப்போது நின்றுவிடுகிறது என்பதை அறிந்துகொண்டால் விடை தானே விளங்கும்.

எலும்பு மரத்தைப்போல் நுனியில் வளர்வதன்று. மாவைப் பிசைந்து இழுத்தாற்போல் முழுநீளமும் நீள்வதும் அன்று. தொடையெலும்பு, முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு, கையெலும்பு ஆகிய நீண்ட எலும்புகள் ஒவ்வொன்றிலும், முனையை ஒட்டிச் சற்று உள்ளே, குருத்தெலும்பாலான மெல்லிய தட்டு ஒன்று இருக்கிறது. அதனை நாம் வளர்தட்டு என்று கூறுவோம். அத்தட்டினுள் நுண்ணறைகள் அடுக்கி வைத்த நாணயங்களைப்போல் நெடுவரிசையாக நிற்கின்றன. முனையின் பக்கத்தில் உள்ளவை இரண்டிரண்டாகப் பிரிந்து பெருகுகின்றன. நடுவில் உள்ளவை பருக்கின்றன. தண்டின் பக்கத்தில் உள்ளவை சுண்ணம் ஏறி மடிய, அவ்விடத்தில் உண்மை எலும்பு வந்து அமர்கிறது. இவ்வாறு ஒரு பக்கம் குருத்தெலும்பு பிறந்துகொண்டேயிருக்க, மறுபக்கம் அது எலும்பாகிக்கொண்டேயிருக்கும். இரண்டும் ஈடாக நடக்கும்வரை தட்டு இருக்கும், எலும்பும் நீளும். பிறப்பு குறைந்து எலும்பாதல் மட்டும் நடந்தால் தட்டு மெலியும். இறுதியில் முனையும் தண்டும் ஒன்றாகிவிடும். அதையே தட்டு மூடிவிட்டது என்கிறோம். எக்ஸ்ரே படத்தில் திறந்த தட்டு கருங்கோடாகத் தெரியும். மூடிய பின்னர் சிறிது காலம் வெண்மையான தழும்புக் கோடு ஒன்று தெரியும். பின்னர் அதுவும் மறையும். மூடிய தட்டை மீண்டும் திறக்கவல்ல உணவோ மருந்தோ உடற்பயிற்சியோ இல்லை.

தட்டை மூடுவது எது? ஆண்களுக்கு ஆண்மை ஹார்மோனாகிய டெஸ்டோஸ்டிரோனே அதனைச் செய்கிறது என்று நெடுங்காலம் கருதினர். 1994-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஒரு மருத்துவ அறிக்கை அக்கருத்தை மாற்றியது. 28 வயதான ஓர் ஆடவர் கால்கள் முழங்காலில் உள்நோக்கி வளைந்திருந்தமையால் மருத்துவரிடம் வந்தார். மீசையும் தாடியும் குரலும் உரிய காலத்தில் வந்தவர் அவர், டெஸ்டோஸ்டிரோன் குறையவில்லை. ஆயினும் அவருடைய உயரம் 204 சென்டிமீட்டர். இன்னமும் மெல்ல வளர்ந்துகொண்டிருந்தார். எலும்பைப் படம் பிடித்துப் பார்த்தபோது அது 15 வயதுச் சிறுவனின் எலும்பைப்போல் இருந்தது. பெண்மைக்குரியது என்று நாம் எண்ணும் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோனை ஏற்றுக்கொள்ளும் ஆற்றல் அவருடைய உடலுக்குப் பிறவியிலேயே இல்லை என்பது தெரியவந்தது. ஆணின் உடலிலும் டெஸ்டோஸ்டிரோனில் ஒரு சிறு பகுதி ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. அந்தச் சிறு பகுதியே தட்டை முதிரச் செய்து மூடுகிறது. பின்னர், ஈஸ்ட்ரோஜனை ஆக்கவே இயலாத வேறு சில ஆண்களுக்கு அதனை மருந்தாக அளித்தபோது, இருபதைக் கடந்தும் திறந்திருந்த அவர்தம் தட்டுகள் சில மாதங்களில் மூடிக்கொண்டன.

இதிலிருந்து ஒன்றை நாம் மனத்திற்கொள்ள வேண்டும். உயரத்தை விரைவாக ஏற்றிவிடுவதும் பருவ மாற்றமே. உயரத்திற்கு முற்றுப்புள்ளி வைப்பதும் அதே பருவ மாற்றமே. பருவம் விரைந்து வந்த பையன் விரைந்து ஓங்கி விரைந்து நின்றுவிடுவான். பிந்தி வந்தவன் பிந்தியே நிற்பான். ஆகவே வளர்ச்சியின் முடிவை எண்ண வேண்டியது பிறந்த நாளிலிருந்து அன்று. பருவம் தொடங்கிய நாளிலிருந்து.

இனி, எல்லாத் தட்டுகளும் ஒரே நாளில் மூடுவதில்லை. ஆண்பிள்ளைகளுக்கு முழங்கையைச் சூழ்ந்தவை பதினைந்து வயதளவில் முதலில் மூடுகின்றன. முழங்காலைச் சூழ்ந்த இரு தட்டுகள் பெரும்பாலும் பதினாறுக்கும் பதினெட்டுக்கும் இடையில் மூடுகின்றன. காலின் நீள வளர்ச்சியில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு இவ்விரண்டினால் ஆவது. ஆதலால் இவை மூடியவுடன் உயரத்தின் பெருங்கணக்கு முடிந்தது எனலாம். மணிக்கட்டும் தோளும் அவற்றின் பின்னே மூடும். இடுப்பெலும்பின் மேல் விளிம்பு இருபதை ஒட்டி மூடும். எல்லாவற்றிற்கும் கடைசியில் மூடுவது காரையெலும்பு. அதாவது கழுத்தடியில் தோளுக்குக் குறுக்கே கிடக்கும் எலும்பு. கருவில் ஐந்தாம் ஆறாம் வாரங்களிலேயே முதன்முதல் எலும்பாகத் தொடங்குவதும் இதுவே. மார்பெலும்பின் பக்கத்து முனை மூடி இறுதியில் முற்றுப்பெறுவதும் இதுவே.

இக்கடைசித் தட்டின் வயதை அறியத் துணைசெய்தவர்கள் இளைஞர்கள்தாம். ஆனால் உயிரோடு இருந்த இளைஞர்கள் அல்லர். 1950 முதல் 1953 வரை நடந்த கொரியப் போரில் மாண்ட அமெரிக்கப் போர்வீரர்களின் எலும்புகளை, அவர்களை அடையாளங்காணும் பணியின்போது, மக்கெர்ன், ஸ்டூவர்ட் என்னும் இரு அறிஞர்கள் ஆராய்ந்து 1957-இல் நூலாக வெளியிட்டனர். எவர் எந்த வயதில் இறந்தார் என்பது படைப் பதிவேட்டில் இருந்தமையால், எந்த எலும்பு எந்த வயதில் மூடுகிறது என்று அவர்கள் ஒப்புநோக்க முடிந்தது. காரையெலும்பின் உள்முனை இருபதுகளின் இடையிலும் கடையிலும் மூடுவதையும், சிலரிடம் முப்பதை ஒட்டியும் நீடிப்பதையும் அவர்கள் கண்டனர். இன்றும் ஒருவருடைய வயது வழக்காகும்போது இவ்வெலும்பைப் படம் பிடித்துப் பார்க்கின்றனர்.

"இருபத்தைந்து வயதுவரை எலும்பு வளர்கிறது" என்று மக்கள் கூறுவதில் உள்ள உண்மை இவ்வளவே. காரையெலும்பு குறுக்கே கிடப்பது. அது நீண்டால் தோள் சிறிது அகலுமேயன்றித் தலை மேலே ஏறாது. தசையும் எலும்பின் உறுதியும் இருபதுகளில் இன்னும் சேர்வதால், இருபத்திரண்டு வயது இளைஞன் பதினெட்டில் இருந்ததைவிட ஆளாகத் தோன்றுவான். அத்தோற்றத்தைக் கண்டே வளர்ந்துவிட்டான் என்று உற்றார் கூறுகின்றனர்.

அப்படியானால் பதினெட்டுக்குப் பின் உயரம் சிறிதும் கூடுவதில்லையா? கூடுகிறது, ஆனால் சிறிதே. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் 1929-இல் தொடங்கிய ஃபெல்ஸ் ஆய்வில், அதே பிள்ளைகளை ஆண்டுதோறும் அளந்து வந்தனர். 1972-இல் வெளியான அவ்வாய்வின் முடிவுப்படி, ஆண்களில் சரிபாதிப் பேர் இறுதி உயரத்தை எட்டியது 21 வயதைச் சற்றுக் கடந்த பிறகே. பெண்களுக்கு அது 17-ஐச் சற்றுக் கடந்த வயது. ஆயினும் பதினெட்டுக்குப் பின் பெரும்பாலோர் பெற்றது ஒன்றிரண்டு சென்டிமீட்டர் அளவே. கால்கள் நின்ற பின்னரும் முதுகெலும்பின் கட்டைகள் சிறிது காலம் மெல்ல உயர்வதால் வருவது அது.

இவ்வளவு சிறிய மாற்றத்தை அளப்பதில் ஒரு பிழை நேர்வதுண்டு. படுக்கையை விட்டு எழுந்தவுடன் நாம் இருக்கும் உயரம் வேறு. மாலையில் இருக்கும் உயரம் வேறு. நின்றும் நடந்தும் உழைக்கும்போது முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள மெத்தைகள் அழுந்தி, ஒன்று அல்லது இரண்டு சென்டிமீட்டர் வரை உயரம் குறைகிறது. சென்ற ஆண்டு மாலையில் அளந்து, இவ்வாண்டு காலையில் அளந்தால், வளராதவனும் வளர்ந்தவனாகத் தோன்றுவான். உயரம் கூட்டும் மருந்து விற்போர்க்கு இது நல்ல வாய்ப்பு. ஆகவே ஒரே நேரத்தில், காலணியின்றி, குதிகாலும் முதுகும் சுவரில் படிய, தலைமேல் தட்டையான பலகையை வைத்து அளக்க வேண்டும். ஆறு மாதத்திற்கு ஒருமுறை அளந்தால் போதும்.

இப்போது, பெற்றோர் உண்மையில் கவலைகொள்ளும் இடத்திற்கு வருவோம். இரண்டு பையன்களைக் கற்பனையில் நம் முன்னே நிறுத்துவோம். இருவர்க்கும் வயது 16. இருவரும் 157 சென்டிமீட்டர். ஒரே வகுப்பில் ஒரே பலகையில் அமர்பவர்கள். வெளிப்பார்வைக்கு ஒருவர்போல் மற்றவர். ஆனால் இருவருடைய எதிர்காலமும் ஒன்றன்று.

மருத்துவர் இருவருடைய இடக்கையையும் மணிக்கட்டோடு எக்ஸ்ரே எடுக்கிறார். கையிலுள்ள பல சிறு எலும்புகளும் தட்டுகளும் எந்த வயதில் எப்படி இருக்கும் என்று காட்டும் படத்தொகுப்பு ஒன்றை கிரூலிக், பைல் என்னும் இருவர் வெளியிட்டனர்; அதன் இரண்டாம் பதிப்பு 1959-இல் வந்தது. பையனின் படத்தை அதனோடு ஒப்பிட்டு எலும்பு வயதை மதிப்பிடுகின்றனர். முதற்பையனின் எலும்பு வயது 14. தட்டுகள் அகலத் திறந்திருக்கின்றன. மீசை இப்போதுதான் அரும்புகிறது. குரல் உடையத் தொடங்கியிருக்கிறது. இரண்டாம் பையனின் எலும்பு வயது பதினாறரை. தட்டுகள் மூடும் தறுவாயில் உள்ளன. அவன் பதின்மூன்றிலேயே ஓங்கியவன். ஏழாம் வகுப்பில் எல்லோரினும் உயரமானவன்.

எலும்பு வயது 14 ஆனவன் தன் இறுதி உயரத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 93 பங்கை அடைந்திருப்பான். 157-ஐ அவ்வாறு கணக்கிட்டால் முதற்பையனின் இறுதி உயரம் 169 சென்டிமீட்டர் என வரும். பதினாறரை ஆனவன் 99 பங்கை அடைந்திருப்பான். ஆகவே இரண்டாம் பையன் 159-இல் நிற்பான். பெற்றோரின் உயரத்தைக் கொண்டும் இதைச் சரிபார்க்கலாம். முதற்பையனின் தந்தை 168, தாய் 155 என்று கொள்வோம். இரண்டையும் கூட்டி, ஆண்பிள்ளையாதலால் 13 சேர்த்து, இரண்டால் வகுத்தால் 168 வருகிறது. எலும்பு காட்டிய கணக்கோடு இது ஒத்துப்போகிறது. தந்தையைக் கேட்டால், "நானும் கல்லூரிக்குப் போன பின்தான் வளர்ந்தேன்" என்பார். பிந்திப் பருவமடைவது பெரும்பாலும் குடும்பத்தில் வருவதே.

இப்பையன் பதினெட்டாம் வயதில் ஒரு பணிக்கு உயரம் அளக்க நின்றால் ஏறக்குறைய 166 இருப்பான். இன்னும் மூன்று சென்டிமீட்டர் வர வேண்டியிருக்கும். அது பத்தொன்பதிலும் இருபதிலும் வரும். இருபதை ஒட்டியும் வளர்ந்தான் என்று நாம் கேள்விப்படும் இளைஞர் பலரும் இவனைப் போன்றவரே. அவர்களுக்குக் கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை. உரியது பிந்திக் கிடைத்தது. இரண்டாம் பையனைப் பார்த்து, "அவன் வளர்ந்தானே, நீயும் பொறுத்திரு" என்று கூறுவது அவனை ஏமாற்றுவதாகும்.

இக்கணக்கிற்கும் எல்லை உண்டு. நான்கைந்து சென்டிமீட்டர் இருபுறமும் பிழைபடக்கூடும். அந்தப் படத்தொகுப்பு அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரில் வசதியான வீட்டுப் பிள்ளைகளை வைத்து ஆக்கியது. நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு அப்படியே பொருந்தும் என்று கொள்வதற்கில்லை. ஆகவே ஒரே படத்தை நம்பாமல், ஆறு மாதம், ஓராண்டு அளந்த உயரங்களையும் சேர்த்துப் பார்ப்பதே முறை.

பிந்திய வளர்ச்சிக்கு வறுமையும் ஒரு காரணம் என்பதைச் சொல்லாமல் விடலாகாது. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் சிற்றூர்ச் சிறுவர்களை ஐந்து வயது முதல் பல்லாண்டுகள் பின்தொடர்ந்து, 1980-இல் முடிவை வெளியிட்டனர். குழந்தைப் பருவத்தில் போதிய உணவின்றி வளர்ச்சி குன்றியவர்கள் பிந்தியே ஓங்கினர். அவர்களுடைய வளர்ச்சி நீண்ட காலம் நடந்தது. ஆயினும் ஐந்தாம் வயதில் இருந்த குறை அப்படியே நின்றது. தட்டு கூடுதல் காலம் திறந்திருந்தும் இழந்ததை மீட்டுத் தரவில்லை. உயரத்திற்காக உணவில் அக்கறை காட்ட விரும்பும் பெற்றோர், பதினெட்டு வயது மகனுக்குப் பொடி வாங்குவதைக் காட்டிலும், இரண்டு வயதுக் குழந்தையின் தட்டில் பருப்பும் முட்டையும் பாலும் இருக்கின்றனவா என்று பார்ப்பதே பயன்தரும்.

இறுதியாக, எப்போது காத்திருப்பது, எப்போது மருத்துவரிடம் செல்வது என்று கூறி முடிக்கிறோம். பதினான்கு வயது நிறைந்தும் பருவத்தின் அறிகுறி ஒன்றும் தொடங்காத பையனை மருத்துவர் ஒருமுறை பார்க்க வேண்டும். அவர்களுட் பெரும்பாலோர் நாம் கூறிய முதற்பையனைப்போல் பிந்தியவர்களே. சிலரிடம் தைராய்டுக் குறைவோ, குடல் நோயோ, மூளையடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியின் குறையோ காரணமாயிருக்கலாம். ஆண்டுக்கு நான்கு சென்டிமீட்டர்கூட வளராமை, தீராத தலைவலி, பார்வை மங்கல், உடல் மெலிதல், மணத்தை நுகர இயலாமை ஆகியவை இருந்தால் காலம் தாழ்த்தலாகாது.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. அதனைக் கண்டு மகிழ்ந்துவிடுகின்றனர் என்பதே வருத்தம். இருபது வயதாகியும் தாடி மீசை அரும்பாமல், குரல் மாறாமல், கைகால்கள் மட்டும் நீண்டுகொண்டே போகும் இளைஞன் நல்லபடி வளர்கிறான் என்று பொருளில்லை. தட்டை மூட வேண்டிய ஹார்மோன் வரவில்லை என்பதே பொருள். அவனுடைய எலும்பும் உறுதி பெறாமலிருக்கும். இருபத்தைந்தில் உயரம் மாறாமல், காலணியின் அளவும் மோதிரத்தின் அளவும் ஆண்டுக்காண்டு கூடினால் அதுவும் நோயின் குறியே. இருவர்க்கும் மருத்துவம் உண்டு. முன்னரே சென்றால் நலம்.

உடற்பயிற்சிக்கூடங்களில் தசை பெருக்க இரகசியமாகக் கைமாறும் ஊசிகளைப் பற்றியும் ஒரு சொல். அவற்றுள் பல டெஸ்டோஸ்டிரோனின் இனத்தவை. உடலுக்குள் சென்று ஈஸ்ட்ரோஜனாகவும் மாறுபவை. தட்டு திறந்திருக்கும் பதினாறு வயதுப் பையன் அவற்றைப் போட்டுக்கொண்டால், சில மாதம் விரைவாக ஓங்குவான். பின்னர் தட்டுகள் காலத்திற்கு முன்பே மூடிக்கொள்ளும். 169-ஐ எட்ட வேண்டியவன் அதற்குக் கீழே நின்றுவிடக்கூடும். பருவம் மிகப் பிந்திய பையனுக்கு மருத்துவரே சிறு அளவில் அதனைச் சில மாதம் அளிப்பதுண்டு. அது அளவறிந்து, எலும்பு வயதைப் பார்த்துக்கொண்டே செய்வது. இரண்டையும் ஒன்றெனக் கருதலாகாது.

ஆகவே, பதினெட்டு வயது மகனைப் பற்றி இனிமேல் கேட்கும்போது, வயதைச் சொல்லிக் கேளாதீர்கள். அவனுக்கு எந்த வயதில் குரல் உடைந்தது, சென்ற ஓராண்டில் எத்தனை சென்டிமீட்டர் கூடியது என்று சொல்லிக் கேளுங்கள். குரல் உடைந்து நான்கைந்து ஆண்டாகி, ஓராண்டில் ஒரு சென்டிமீட்டரும் கூடவில்லையெனில், அவன் உயரம் வந்தடைந்துவிட்டது. அவனை அவ்வுயரத்தோடு நிம்மதியாக இருக்க விடுங்கள். குரல் நேற்றுத்தான் உடைந்ததெனில், கதவு நிலையில் இன்னும் சில கோடுகளுக்கு இடம் விட்டு வையுங்கள்.